எழிலமுதமா, மட்டுநகர் மசாலாவா, கே.எஸ்.ஆரா? கறித்தூளுக்கு என்ன பேர் வைக்கிற?

கேள்வி: அண்ணன், நான் களுதாவளை. வீட்டுல கறித்தூள் வறுத்து, களுவாஞ்சிகுடில மில்லுல குடுத்து அரைச்சு, 100 கிராம், 250 கிராம் பக்கெட்டா விக்கிறன். அரிசி மா, குரக்கன் மாவும் இருக்கு. எங்கட அம்மம்மா நல்லம்மா சொல்லித் தந்த பக்குவம், ஊருக்குள்ள ஆக்கள் "நல்லம்மாட தூள் இருக்கா"ண்டுதான் கேட்டு வருவாங்க. இப்ப கல்முனையிலயும் அம்பாறை டவுனிலயும் கடைக்காரர் கேக்காங்க, வெள்ளவத்தைக்கும் பஸ்ல போட்டு விடுறன், அதால பேரப் பதிஞ்சு லேபல் அடிக்கணும். இவர் சொல்ற பேர் எழிலமுதம் புட் புரொடக்ட்ஸ், தம்பி சொல்றது மட்டுநகர் மசாலா, மாமி சொல்றா புள்ளைகள்ட முதலெழுத்த வெச்சி கே.எஸ்.ஆர். புட்ஸ் எண்டு. எண் பாக்கிற ஐயா எழிலமுதத்துக்கு இங்கிலிஸ்ல கடைசில இன்னொரு எம் போடச் சொல்றார். சுலோகம் "தரமே எங்கள் தாரக மந்திரம்". எது சரி?

பதில்: தங்கச்சி, மூணுமே வேணாம். உங்கட பேர் உங்கட கடிதத்துலயே இருக்கு, நீங்கதான் அத போற போக்குல எழுதிட்டுப் போயிட்டீங்க. அதுக்கு மறுகா வாறன், முதல்ல மூணும் ஏன் சரிவராது எண்டு சொல்லணும், இல்லாட்டி வீட்டுல இவரோடயும் மாமியோடயும் நீங்க கதைக்க ஏலாம நிப்பீங்க.

எழிலமுதம் காதுக்கு நல்ல பேர்தான், தமிழ் வாத்தியார்மாரு கேட்டா சந்தோசப்படுவாங்க. ஆனா உங்கட யாவாரம் நடக்கிறது எங்க? போன்ல. கல்முனைக் கடைக்காரர் இன்னொரு கடைக்காரருக்கு போன்ல பேர் சொல்லுவார், அவர் பேஸ்புக்ல தேடுவார், வெள்ளவத்தையில இருக்கிற அக்கா மகளுக்கு வட்சப்ல டைப் பண்ணுவா, பஸ் கொண்டக்டர் பார்சல்ல எழுதுவார். இவங்க எல்லாரும் காதால கேட்டத கையால, அதுவும் இங்கிலிஸ் எழுத்துல எழுதுற ஆக்கள். நம்மட ஆக்கள் தமிழ்ல கதைச்சாலும் தேடுறதும் டைப் பண்றதும் பாதிக்கு மேல இங்கிலிஸ் எழுத்துலதான், அத மாத்த நம்மளால ஏலாது, அதுக்கேத்த மாதிரி பேர்தான் வைக்கணும்.

இப்ப எழிலமுதத்த எழுதிப் பாருங்க. ழ வந்த உடன ஒருத்தர் zh போடுவார், ஒருத்தர் l, இன்னொருத்தர் வெறும் z. அது மூணு. அடுத்து அமுதம்ல வாற த, அத ஒருத்தர் th எண்டு எழுதுவார், ஒருத்தர் dh, கேட்டபடி எழுதுறவர் d. அது இன்னொரு மூணு. மூணையும் மூணையும் சேத்தா ஒன்பது விதம், Ezhilamutham, Elilamutham, Ezilamudham, Elilamudam எண்டு போகும், ஒவ்வொண்டும் அத எழுதினவருக்கு சரியாத்தான் தெரியும். இதுல எட்டு பேர் உங்கட பக்கத்தத் தேடி காணாம விட்டுட்டு போயிருவாங்க, அவங்க வந்து தேடினது உங்களுக்கு தெரியவும் வராது, அதுதான் இதுல மோசம். கடைசில இன்னொரு எம் போட்டா அது பத்தாவது விதம், அதத்தான் லேபல்ல போடுவீங்க, ஆனா உலகத்துல ஒருத்தரும் அப்பிடி டைப் பண்ண மாட்டாங்க.

இது உங்கட பேருக்கு மட்டும் வாற வருத்தம் இல்ல. நம்மட ஊர்ப் பேருகளையே பாருங்க, களுவாஞ்சிகுடிக்கு Kaluwanchikudy, Kaluwanchikudi, Kaluvanchikudy எண்டு போர்டுக்கு ஒரு மாதிரி எழுதியிருக்கு, காத்தான்குடி ஒரு இடத்துல Kattankudy, ஒரு இடத்துல Kathankudy, நிந்தவூர்ல h போடுறதா விடுறதா எண்டது இன்னும் முடியல. ஊர் எண்டா பரவால்ல, பஸ் எப்பிடியும் அங்க போய்ச் சேரும். பக்கெட்டுக்கு அப்பிடி இல்ல.

அப்ப எந்த எழுத்து குழப்பும், எது குழப்பாது? இத ஒருக்கா விளங்கிட்டா பேர் தேடுறது லேசு. ழ கட்டாயம் குழப்பும். சொல்லுக்கு நடுவுல தனியா வாற க, ட, த, ப நாலும் குழப்பும், ஏனெண்டா நாம எழுதுறது ஒரு எழுத்து, வாய்ல வாறது வேற சத்தம், சுளகு எண்ட சொல்ல Sulaku எண்டும் எழுதலாம் Sulagu எண்டும் எழுதலாம். முதல்ல வாற ச-வும் அப்பிடித்தான், செல்லம்மாவ S-லயும் எழுதுறாங்க Ch-லயும் எழுதுறாங்க. வ-க்கு v-யும் w-யும் ரெண்டும் நம்மட நாட்டுல ஓடுது. நெடில் வந்தா ஒரு a-யா ரெண்டு a-யா, ee-யா i-யா எண்ட கேள்வி. குழப்பாத எழுத்து எதெண்டா ம, ந, ல, ர, ய. ன-வும் ண-வும் ஒண்டாத்தான் n-ல போகும், ல-வும் ள-வும் l-ல போகும், அதால அதுவும் பிரச்சினை இல்ல. மறுகா இன்னொண்டு, க்க, ட்ட, ப்ப எண்டு ரெட்டிச்சு வந்தா சத்தம் வல்லினமாவே நிக்கும், g-யா k-யா எண்ட சந்தேகம் வராது. அதால குறில், மெல்லினம், ழ-வும் வ-வும் இல்லாத இடையினம், ரெட்டிப்பு, இதுக்குள்ள ரெண்டு மூணு அசையில ஒரு பேர் கிடைச்சா விட்டுராதீங்க.

தம்பி சொன்ன மட்டுநகர் மசாலா சொல்லவும் எழுதவும் ஓரளவு சரி, அதுல பிசகு வேற இடத்துல. அந்தப் பேர்ல உங்கட எண்டு ஒண்டும் இல்ல, ஊர்ப் பேரும் சாமான்ட பேரும்தான். நாளைக்கு ஆரையம்பதியில ஒருத்தர் மட்டு மசாலா எண்டு போட்டா, ஏறாவூர்ல ஒருத்தர் மட்டக்களப்பு மசாலா எண்டு போட்டா நீங்க ஒண்டும் கேக்க ஏலாது, கடையில வந்து நிக்கிறவருக்கும் எது முதல் வாங்கினது எண்டு பிரிச்சுச் சொல்லத் தெரியாது. வியாபாரக் குறி பதியப் போனாலும், சாமான் என்ன, எந்த ஊர்ல இருந்து வருது எண்டத மட்டும் சொல்ற பேர நம்மட 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் லேசுல ஏத்துக்காது, ஏனெண்டா அந்தச் சொல்லுகள் எல்லா யாவாரிக்கும் பொது. இன்னொண்டு, பேர்ல மசாலா எண்டு போட்ட உடன குரக்கன் மா பக்கெட்ட எங்க வைப்பீங்க? மட்டுநகர் மசாலா குரக்கன் மா எண்டு லேபல் அடிச்சா வாங்குறவர் அதுக்குள்ள மிளகு போட்டிருக்கா எண்டு கேப்பார். சாமான்ட பேர் லேபல்ல பேருக்குக் கீழ வரட்டும், பேருக்குள்ள வேணாம்.

மாமி சொன்னத பத்தி நீட்டத் தேவையில்ல. முதலெழுத்துப் பேர் வீட்டுக்குள்ள இருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் அர்த்தம், வெளியால இருக்கிறவருக்கு பிடிச்சு வைக்க ஒரு கொழுக்கியும் இல்ல. போன்ல எஸ்-உம் எஃப்-உம் ஒண்டாக் கேக்கும், எம்-உம் என்-உம் ஒண்டாக் கேக்கும். ரோட்டால போற பஸ்ஸையும் ஹாட்வெயார் போர்டையும் பாருங்க, மூணெழுத்துப் பேர் எத்தன இருக்கு, அதுல எத்தின உங்களுக்கு ஞாபகம் இருக்கு எண்டு மாமியிட்டயே கேளுங்க. பேரப்புள்ளைகள்ட பேர் கட்டாயம் வரணும் எண்டா பக்கெட்டுக்குப் பின்னால சின்னதா ஒரு வரில போடலாம், மாமிக்கும் சந்தோசம்.

இப்ப வாறன் நல்லம்மாக்கு.

வாங்குற ஆக்கள் ஒரு சாமானுக்கு தாங்களாவே ஒரு பேர் வெச்சிட்டாங்க எண்டா அதுதான் பேர், நாம காசு குடுத்து விளம்பரம் போட்டாலும் அப்பிடி ஒண்ட அவங்கட வாய்ல ஏத்த ஏலாது. களுதாவளையில அந்த வேல ஏற்கெனவே நடந்து முடிஞ்சிட்டு. நீங்க எழிலமுதம் எண்டு போர்டு போட்டாலும் ஊருக்குள்ள நல்லம்மாட தூள் எண்டுதான் கேப்பாங்க, அப்ப ஒரு சாமானுக்கு ரெண்டு பேர் ஓடும், ஊருக்கார் வெளியூருக்காரருக்கு சொல்ற பேர் லேபல்ல இராது.

எழுத்தப் பாருங்க. ந, ல்ல, ம்மா. மேல சொன்ன குழப்பம் புடிச்ச எழுத்து ஒண்டும் இல்ல. கடைசில ஒரு நெடில் இருக்கு, ஆனா அம்மா எண்ட சொல்ல Amma எண்டு எழுதி எல்லாரும் பழகிட்டாங்க, அதால அதுல பிசகாது. நான் இத என்ட கடைக்கு லேபல் அடிக்க வந்த ஆக்களிட்ட ஒருக்கா வாயால மட்டும் சொல்லி, கேட்டத வட்சப்ல டைப் பண்ணி எனக்கு அனுப்பச் சொன்னன். Nallamma எண்டுதான் கூடுதலா வந்துது, இடைக்கிடை Nalamma, Nallama எண்டு ஒரு எழுத்து விட்டு வந்துது. எழிலமுதத்துக்கு வந்தத பாத்தா சிரிப்பீங்க, ஒருத்தர் எழில் அமுதன் எண்டு ஒரு ஆம்பிளைட பேரா எழுதி அனுப்பியிருந்தார், இது யார் எண்டு வேற கேட்டிருந்தார்.

இந்த டெஸ்ட நீங்களும் செய்யணும், ஆனா செய்யிற விதம் முக்கியம். சொந்தக்காரர வெச்சி செய்யாதீங்க, அவங்களுக்கு நல்லம்மா யார் எண்டு தெரியும். போன்லதான் சொல்லணும், நேர்ல எண்டா உதட்டப் பாத்து விளங்கிடுவாங்க. ஒருக்காத்தான் சொல்லணும், மெதுவா எழுத்துக் கூட்டக் கூடாது, பஸ் ஸ்டாண்ட்ல நிண்டு கதைக்கிற வேகத்துல சொல்லுங்க. அவங்க எழுதினது பிழை எண்டாலும் திருத்த வேணாம், அந்தப் பிழைதான் உங்களுக்கு வேணும். காத்தான்குடிப் பக்கம் ஒருத்தர், அம்பாறையில ஒரு சிங்கள ஆள், கொழும்புல இருக்கிற ஒருத்தர், ஒரு வயசான ஆள், ஒரு ஸ்கூல் புள்ள, இந்த அஞ்சு பேர் போதும். அஞ்சுல நாலு பேர் ஒரே மாதிரி எழுதினா பேர் பாஸ். மறுகா ஒரு ரெண்டு நாள் விட்டு, அண்டைக்கு நான் சொன்ன பேர் என்ன எண்டு கேளுங்க. "ஏதோ ஒரு அம்மா"ண்டு சொன்னா பேர்ட பாதி நிக்குது, மற்றப் பாதிய லேபல்ல பெருசாப் போடணும் எண்டு அர்த்தம்.

சிங்கள ஆள் ஒருத்தர் ஏன் கட்டாயம் எண்டு சொல்றன். அம்பாறை டவுன்ல உங்கட பக்கெட்ட எடுக்கிறதுல கன பேர் சிங்களவர். அம்மா எண்டது அவங்களுக்கும் அம்மாதான், அதால நல்லம்மாவோட ஒரு பாதி அவங்களுக்கு உடனயே விளங்கும், இது உங்களுக்கு சும்மா கிடைச்ச லாபம். எல்லாப் பேருக்கும் அப்பிடி அமையாது. கறித்தூள் யாவாரம் செய்ற ஒருத்தருக்கு மல்லி எண்டு பேர் வைக்க ஆச வரும், அது சிங்களத்துல தம்பி, கடையில போய் மல்லி இருக்கா எண்டு கேட்டா கவுண்டர்ல நிக்கிற பொடியன் கிறுகிப் பாப்பான். பொன் எண்டு தொடங்குற பேர் அதவிட மோசம், அது சிங்களக் காதுக்கு எப்பிடி விழும் எண்டு இஞ்ச எழுத ஏலாது, தெரிஞ்ச ஆளக் கேளுங்க. பேர முடிவெடுக்க முன்ன ஒரு சிங்கள ஆள், ஒரு முஸ்லிம் ஆள், ரெண்டு பேரிட்டயும் இதக் கேட்டா என்ன ஞாபகம் வருது எண்டு கேக்கிறதுக்கு ஒரு பிளேன்டி செலவுதான்.

எண் பாக்கிற ஐயாட விசயம். நம்புறவங்கள நான் நம்ப வேணாம் எண்டு சொல்றல்ல, லேபல் அடிக்க வாற ஆக்கள்ல கன பேர் எண் பாத்துட்டுத்தான் வாறாங்க. ஆனா முதல் சொல்லுல கை வைக்க விடாதீங்க. Nallamma எண்டத அப்பிடியே வெச்சிட்டு, பதியிற பேர்ல ரெண்டாவதா வாற சொல்ல மாத்தி எண்ணச் சரிக்கட்டச் சொல்லுங்க. Foods, Home Foods, Products, Food Products எண்டு நாலஞ்சு எழுதிக் குடுத்தா அதுல ஒண்டு அவர்ட கணக்குக்கு வரும். ரெண்டாவது சொல் பத்திரத்துலயும் பேங்க்லயும்தான் இருக்கும், அத யாரும் தேட மாட்டாங்க, ஐயாட கணக்கும் சரி, வாங்குறவர்ட காதும் சரி.

பேர் முடிவாகிட்டு எண்டு உடன லேபல் அடிக்காதீங்க. முதல்ல அந்தப் பேர வேற யாரும் வெச்சிருக்கா எண்டு பாக்கணும். பேஸ்புக்லயும் இன்ஸ்டாகிராம்லயும் தமிழ்ல ஒருக்கா, Nallamma எண்டு ஒருக்கா, பிழையா எழுதின Nalamma, Nallama எண்டும் ஒருக்கா தேடுங்க. இன்ஸ்டாகிராம் யூசர்நேம்ல தமிழ் எழுத்து எடுக்காது, இங்கிலிஸ் எழுத்து, இலக்கம், புள்ளி, கீழ்க்கோடு மட்டும்தான், அதால nallamma.foods மாதிரி ஒண்ட எடுங்க, இலக்கமும் கீழ்க்கோடும் போடாதீங்க, போன்ல சொல்லேக்க அண்டர்ஸ்கோர் எண்டு விளங்கப்படுத்திட்டு நிக்கணும். பிழையா எழுதுற அந்த ரெண்டு விதத்திலயும் கணக்கு திறந்து, சரியான பக்கத்துக்கு வழி காட்டி விடுங்க, இல்லாட்டி வேற ஆள் அதுல வந்து குந்திடுவார்.

பதியிறதுல ஒரு விசயத்த கன பேர் பிழையா விளங்கி வெச்சிருக்காங்க. கிராம சேவகர்ட கடிதத்தோட பிரதேச செயலகத்துல குடுத்து எடுக்கிறது வியாபாரப் பெயர் பதிவு. அது உங்களுக்கு கட்டாயம் வேணும், பேங்க்ல கணக்குத் திறக்கவும் கடைக்கு பில் குடுக்கவும் அதத்தான் கேப்பாங்க. ஆனா அது பேர உங்களுக்கே சொந்தமாக்காது. அது மாகாணத்துக்குள்ள நடக்கிற பதிவு, இன்னொரு மாகாணத்துல ஒருத்தர் அதே பேரப் பதிஞ்சு தூள் விக்கலாம். பேர் உங்கட சொந்தம் எண்டு சொல்லணும் எண்டா கொழும்புல இருக்கிற தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துல வியாபாரக் குறியா பதியணும், கறித்தூளும் மாவும் ரெண்டுமே 30ம் வகுப்புக்குள்ள வரும், அதால ஒரு வகுப்பு போதும், பதிஞ்சா 10 வருசத்துக்கு செல்லும், மறுகா புதுப்பிக்கலாம். இப்பவே அதுக்கு ஓட வேணாம், ஆனா அங்க அந்த வகுப்புல இதே பேரோ இதோட ஒத்த பேரோ இருக்கா எண்டு தேடிப் பாக்கிறத இப்பவே செய்யுங்க. லேபல் அடிச்சு கடைக்குப் போன பொறகு வக்கீல் கடிதம் வந்தா பக்கெட்டெல்லாம் கிழிக்கணும்.

அப்பிடி யாராவது 30ம் வகுப்புல வெச்சிருந்தா நியூ நல்லம்மா, ஒரிஜினல் நல்லம்மா எண்டு ஒட்டுப்போடுற வேல வேணாம், விட்டுட்டு வேற பேருக்குப் போங்க. ரெண்டாவதா ஒண்டு வேணும் எண்டா அம்மி யோசிக்கலாம், Ammi, நாலெழுத்து, ஒரே விதமாத்தான் எழுத வரும், சிங்களப் புள்ளைகளும் அம்மாவ அப்பிடிக் கூப்புடுவாங்க. ஆனா அதுல ஒரு சிக்கல், நீங்க மில்லுல அரைக்கிறீங்க. அம்மில அரைச்ச தூள் எண்டு வாங்குறவர் நினைச்சா அது ஏமாத்து, வியாபாரக் குறிக்கு குடுத்தாலும் செய்யிற விதத்தப் பத்தி ஆக்கள பிழையா நினைக்க வைக்கிற பேர் எண்டு மறுக்க இடம் இருக்கு. அதால அத கடைசியா வெச்சுக்கங்க.

இனி சுலோகம். தரமே எங்கள் தாரக மந்திரம் எண்டத ஒரு சீமெந்து பேக்குல ஒட்டிப் பாருங்க. பொருந்துதா? ஸ்கூல் வேன்ல? பொருந்தும். டியூசன் கிளாஸ் போர்டுல? நல்லாவே பொருந்தும். எல்லாத்துக்கும் பொருந்துற வரி உங்கட தூளப் பத்தி ஒண்டும் சொல்லல்ல. அதுவும் நல்லம்மா எண்ட பேர் ஒரு ஆளத்தான் சொல்லுது, உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு சொல்லல்ல, அந்த வேலய சுலோகம்தான் செய்யணும்.

அதுக்குத்தான் உங்களுக்கு போன் எடுத்து எப்பிடி வறுக்கிறீங்க எண்டு கேட்டன். செத்தல், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியா வறுக்கிறம், ஆகவும் கூட வறுத்து வைக்கிறல்ல, ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கிழமைக்கு வேண்டியத மட்டும்தான் எண்டு சொன்னீங்க. அதுதான் வரி. பெரிய கொம்பனிக்காரர் இப்பிடிச் சொல்ல ஏலாது, அவங்க மாசக் கணக்குல வறுத்து அடுக்கி வைக்கிற ஆக்கள்.

முதல்ல எனக்கு வந்தது "இந்தக் கிழமை வறுத்தது" எண்டு. காதுக்கு சரியான வடிவு, மூணே சொல்லு. ஆனா அம்பாறைக் கடையில பக்கெட் ஒரு மாசம் தொங்கினா அந்த வரி பொய்யாகிடும், வாங்குறவர் திகதியப் பாத்துட்டு முகத்தச் சுழிப்பார். அதால "கிழமைக்குக் கிழமை வறுக்கிறம்" எண்டு போடுங்க. இது எப்பவும் உண்மை, நீங்க செய்யிறதச் சொல்லுது, கதைக்கிற தமிழ்ல இருக்கு, ஒரு சொல்லு திரும்பி வாறதால வாய்ல ஓடும். ழ இருக்கே எண்டு கேப்பீங்க, சுலோகத்த யாரும் தேடி டைப் பண்ண மாட்டாங்க, வாசிப்பாங்க, சொல்லுவாங்க, அதுல ழ இருந்தா ஒண்டும் செய்யாது. இந்த வரிய போட்டா வறுத்த திகதிய கட்டாயம் பக்கெட்ல தெளிவா அடிக்கணும், அதுவும் முன்பக்கத்துல, திகதி இல்லாட்டி வரி வெறும் வாய்ச்சொல்லு. ஒரு கிழமை வறுக்க ஏலாம போனா, கல்யாணம், செத்த வீடு எண்டு, அந்தக் கிழமை பழசக் குடுக்காம இல்ல எண்டு சொல்லிடுங்க.

அரிசி மாக்கும் குரக்கன் மாக்கும் இந்த வரி அப்பிடியே பொருந்துமா எண்டு பாருங்க. அரிசி மாவ நீங்க வறுத்துத்தான் குடுக்கிறீங்க எண்டா பொருந்தும். குரக்கன வறுக்காம அரைக்கிறது எண்டா அந்தப் பக்கெட்ல வரிய எடுத்துடுங்க, சுலோகம் இல்லாத பக்கெட்டும் விக்கும்.

சிங்களத்துல அந்த வரிய நீங்களோ நானோ மாத்தி எழுத வேணாம். ஒரு சிங்கள அம்மாக்கு நீங்க எப்பிடி வறுக்கிறீங்க எண்டு சொல்லி, இத நீங்க பக்கத்து வீட்டுக்காரிட்ட எப்பிடிச் சொல்லுவீங்க எண்டு கேட்டு அவ சொன்னத அப்பிடியே எழுதுங்க. பேர மட்டும் மூணு மொழியிலயும் ஒரே சத்தத்துல எழுதுங்க, நல்லம்மாவ சிங்களத்துலயோ இங்கிலிஸ்லயோ அர்த்தம் பாத்து மாத்தினா ரெண்டு கடைட சாமான் மாதிரி ஆகிடும்.

லேபல் முதல் தடவைக்கு பக்கெட்லயே அடிச்ச பௌச் எடுக்காதீங்க, அது ஆயிரக்கணக்குல எடுத்தாத்தான் விலை கட்டும், பேர்ல ஒரு எழுத்து மாறினாலும் எல்லாம் வீண். வெறும் பௌச் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுங்க. 100 கிராம் பக்கெட்டுட முன்பக்கம் சின்னது, நல்லம்மா எண்ட சொல்லு அகலத்துல முக்காவாசிக்கு வரணும், அதுக்குக் கீழ கறித்தூள், அதுக்குக் கீழ சின்னதா வரி. ஒரு பக்கெட்ட கடை றாக்கையில தொங்கவிட்டு ரெண்டு எட்டு தள்ளி நிண்டு பாருங்க, பேர் வாசிக்க வராட்டி எழுத்து சின்னன், இல்லாட்டி பூவும் இலையும் கூடிப்போச்சு. மற்ற லேபல் விதிகளுக்கு, என்னென்ன கட்டாயம் அடிக்கணும் எண்டதுக்கு, உங்கட பகுதி பிஎச்ஐ ஐயாவ அடிக்க முதல்ல கேட்டுடுங்க.

பேங்க் கணக்கு திறக்கேக்க பதிவுப் பத்திரத்துல என்ன எழுத்துல இருக்கோ அதே எழுத்துல, ஒரு n கூட மாறாம திறங்க, பில் புத்தகமும் அப்பிடியே அடிங்க. கடைக்காரர் செக் எழுதேக்க உங்கட பில்லப் பாத்துத்தான் பேர எழுதுவார், பில்லுல ஒரு l குறைஞ்சா செக்கயும் அப்பிடித்தான் எழுதுவார், அத மாத்தி எடுக்க நீங்க மறுகா களுதாவளையில இருந்து அம்பாறைக்கு பஸ் ஏறணும்.